கழித்துக் கழித்துச் செய்த கோப்பு

1995-இன் கடைசி மாதங்களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து வடக்கு மாவட்ட நீதிமன்றம் காகிதத்தில் திணறிக்கொண்டிருந்தது. கப்பல்களில் வேலை செய்தபோது ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்து உடல் கெட்டவர்கள் தொடுத்த வழக்குகள் 5,000-க்கும் மேல் அங்கே குவிந்திருந்தன. மனு, பதில் மனு, இணைப்பு ஆவணங்கள் என்று எல்லாமே கட்டுக்கட்டாக வந்தன. வாங்கி முத்திரை குத்தி அடுக்கி வைக்க ஆள் போதவில்லை. கூட்டாட்சி நீதிமன்றங்களின் நிர்வாக அலுவலகத்திலிருந்து ஒரு குழு உதவிக்கு வந்தது. வழக்கறிஞர்கள் தங்கள் அலுவலகத்தில் இருந்தபடியே கணினி வழியாக மனுவைத் தாக்கல் செய்யும் ஏற்பாடு ஒன்றை அது உருவாக்கியது. 1996 ஜனவரியில் அந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. பின்னாளில் நாடு முழுவதும் பரவிய மின்-தாக்கல் முறைக்கு இதுவே விதை. 2001-இல் திவால் நீதிமன்றங்களும் 2002-இல் மாவட்ட நீதிமன்றங்களும் அந்த முறைக்கு மாறத் தொடங்கின. மனுக்கள் வந்து சேரவேண்டிய கோப்பு வடிவம் பிடிஎஃப்.

பிடிஎஃப்பைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பு ஒன்றும் இல்லை. ஒரு வழக்கறிஞர் வேர்டுபெர்ஃபெக்டில் எழுதுவார், இன்னொருவர் வேர்டில் எழுதுவார். அதே கோப்பை வேறு கணினியில் திறந்தால் வரி மடங்கும் இடம் மாறும், பக்க எண் தள்ளிப்போகும். ‘14-ஆம் பக்கம், மூன்றாம் பத்தி’ என்று சுட்டிக்காட்டித்தான் நீதிமன்றத்தில் வாதமே நடக்கிறது. எனவே பக்கம் பக்கமாகவே நிலைத்து நிற்கும் ஒரு வடிவம் தேவைப்பட்டது. அடோபி நிறுவனர்களில் ஒருவரான ஜான் வார்னாக்கின் யோசனையில் உருவாகி 1993-இல் வெளிவந்த பிடிஎஃப் அந்த வேலையைச் செய்தது.

ஆனால் இந்த மாற்றத்தில் ஒரு பெரிய விஷயம் சத்தமில்லாமல் நடந்துவிட்டது. அதுவரை கணினிக் கோப்பு என்பது காகிதத்தின் நகல். கோப்பு கெட்டால் அலமாரியில் மூலம் இருக்கும். மின்-தாக்கல் வந்த பிறகு காகித மூலம் என்று ஒன்றே இல்லை. திரையில் தெரியும் அந்தக் கோப்புதான் மூலம். அதைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஒருவர் கேட்டுக்கொண்டு வரக்கூடும். மேல்முறையீட்டுக்காக வரலாம், நிலத்துக்காக வரலாம், தாத்தா எந்தத் தொழிற்சாலையில் தூசியைச் சுவாசித்தார் என்று தெரிந்துகொள்ள வரலாம். அன்றைக்கு இந்தக் கோப்பைத் திறக்க முடியுமா? திறந்தால் இன்று தெரிவதுதான் அன்றும் தெரியுமா? இந்த இரண்டு கேள்விகளில் இரண்டாவதுதான் கடினமானது. திறக்காத கோப்பு தன் குறையைத் தானே சொல்லிவிடும். திறந்து, வேறாகத் தெரியும் கோப்பு யாரையும் எச்சரிக்காது.

வேறு வழிகளும் இல்லாமல் இல்லை. ஆவணக் காப்பகத்தார் நீண்ட காலம் நம்பியது டிஃப் படக்கோப்பை. பக்கத்தை அப்படியே படமாக்கிவிடலாம், எழுத்துருத் தொல்லை கிடையாது. ஆனால் படத்துக்குள் சொல் கிடையாது. ஆயிரம் பக்கத்தில் ஒரு பெயரைத் தேட முடியாது. கணினியிலேயே பிறந்த மனுவைப் படமாக்குவது கையில் இருப்பதைத் தூக்கி எறிவது போலத்தான். வெறும் உரைக்கோப்பாக வைத்தால் பக்கமும் அட்டவணையும் போய்விடும். எக்ஸ்எம்எல்லில் கட்டமைப்பு காக்கப்படும், ஆனால் எந்த வழக்கறிஞரும் அதில் மனு எழுதப் போவதில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில ஆவண அலுவலகம் 1999-இலேயே ஒரு நடுவழியைத் தேர்ந்திருந்தது. ஆவணத்தைப் பிடிஎஃப்பாக மாற்றி, அதைப் பற்றிய விவரங்களோடு ஒரு எக்ஸ்எம்எல் உறைக்குள் போட்டு வைத்தார்கள். பக்கத்தைக் காக்கப் பிடிஎஃப்பை விட்டால் வேறில்லை என்ற முடிவுக்கு அவர்களும் வந்திருந்தார்கள்.

ஆகவே 2002 அக்டோபரில் அமெரிக்காவில் கூடியவர்கள் புதிதாக ஒரு வடிவத்தைக் கண்டுபிடிக்கப் புறப்படவில்லை. அழைத்தவர்கள் மூன்று தரப்பினர்: நீதிமன்ற நிர்வாக அலுவலகம், ஆவண மேலாண்மைத் துறையின் அமைப்பான ஏஐஐஎம், அச்சுத் தொழிலுக்குக் கருவி வழங்குவோரின் சங்கமான என்பிஈஎஸ். தேசிய ஆவணக் காப்பகமும் காங்கிரஸ் நூலகமும் சேர்ந்துகொண்டன. நீதிமன்ற அலுவலகத்தின் ஸ்டீஃபன் லெவன்சன் இந்த முயற்சியை முன்னின்று நடத்தினார். வரைவை ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தின் ஸ்டீஃபன் ஆப்ரம்ஸ் தொகுத்தார்.

அச்சுக்காரர்களுக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றலாம். அவர்கள்தான் இந்தக் கதையின் திறவுகோல். விளம்பரப் பக்கம் ஒன்றைப் பிடிஎஃப்பாக அனுப்பினால், அச்சகத்தில் எழுத்துரு இல்லாமல் பக்கம் கெட்டுப்போவது அவர்களுக்கு அன்றாடத் தலைவலியாக இருந்தது. அதற்காகவே பிடிஎஃப்/எக்ஸ் என்ற தரம் 2001-இல் ஐஎஸ்ஓ அங்கீகாரம் பெற்றிருந்தது. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலேயே பக்கம் சரியாக அச்சாக வேண்டும் என்பது அதன் குறிக்கோள். அதற்குக் கையாண்ட உத்தி எளியது. பிடிஎஃப்பில் எதையும் கூட்டாமல், எவற்றைப் பயன்படுத்தக்கூடாது, எவை கட்டாயம் இருக்கவேண்டும் என்று மட்டும் விதித்தார்கள். காப்பகத்தாருக்கும் இதே சிக்கல்தான். அவர்களுக்கும் பெறுகிறவரோடு பேச வழியில்லை, ஏனென்றால் அவர் இன்னும் பிறக்கவில்லை.

இப்படித்தான் பிடிஎஃப்/ஏ உருவானது. பிடிஎஃப்பின் ஒவ்வொரு வசதியையும் எடுத்து, ‘இது வேலை செய்யக் கோப்புக்கு வெளியே எதையாவது நம்பவேண்டியிருக்கிறதா?’ என்று கேட்டால் போதும். ஆம் என்றால் அதை விலக்கவேண்டும், அல்லது வெளியே உள்ளதைக் கோப்புக்குள் கொண்டுவரவேண்டும். தரத்தின் விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரே கேள்வியிலிருந்து கிளைத்தவை.

எழுத்துருவை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் காப்பகக் கோப்புகள் மிக அதிகமாகச் சறுக்குவது இங்கேதான். பிடிஎஃப் பக்கத்தில் உள்ள ஒரு வரி, ‘இந்த எழுத்துருவில், இந்த இடத்தில், இந்த எண்களுக்குரிய உருவங்களை வரை’ என்ற கட்டளை மட்டுமே. உருவங்கள் எழுத்துருவில் இருக்கின்றன. எழுத்துரு கோப்புக்குள் பதிக்கப்படவில்லை என்றால், படிக்கும் கணினி தன்னிடம் உள்ள வேறொன்றைப் பதிலாக வைத்து வரையும். பெரும்பாலும் எழுத்தின் அழகு மட்டும் மாறும். சில நேரம் பொருளே மாறும். குறியீட்டு எழுத்துருவான சிம்பலில் மைக்ரோ என்பதற்கான கிரேக்க எழுத்து ஆங்கில எம் இருக்கும் அதே எண்ணில் அமர்ந்திருக்கிறது. மருத்துவ அறிக்கையில் மைக்ரோகிராம் என்று சிம்பலில் எழுதியிருந்து, அந்த இடத்தில் சாதாரண எழுத்துரு வந்து உட்கார்ந்தால், திரையில் மில்லிகிராம் என்று தெரியும். அளவு ஆயிரம் மடங்கு மாறிவிட்டது. பக்கம் குறைபாடே இல்லாமல் காட்சி தரும்.

பழைய பிடிஎஃப்பில் இன்னொரு சலுகையும் இருந்தது. டைம்ஸ், ஹெல்வெடிகா, கூரியர் குடும்பங்களும் சிம்பலும் ஸாஃப் டிங்பாட்ஸும் சேர்ந்த 14 எழுத்துருக்கள் எல்லாப் படிப்பு மென்பொருளிலும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, அவற்றைப் பதிக்காமலே விட்டார்கள். கோப்பின் அளவு குறையும் என்பதுதான் காரணம். பிடிஎஃப்/ஏ இந்தச் சலுகையை ரத்து செய்தது. இன்று எல்லாரிடமும் இருப்பது ஐம்பது ஆண்டு கழித்தும் இருக்கும் என்று யார் உறுதி தருவார்கள்? நான் இந்தத் தரத்தில் மிகவும் மதிப்பது இந்த ஒரு விதியைத்தான்.

மற்ற விலக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடவுச்சொல்லுக்கும் குறியாக்கத்துக்கும் இடமில்லை, ஏனென்றால் சொல் தெரிந்தவர் ஓய்வு பெற்றுவிடுவார். ஜாவாஸ்கிரிப்டுக்கு இடமில்லை, திறக்கும்போதெல்லாம் அன்றைய தேதியைத் தானே நிரப்பிக்கொள்ளும் ஓர் ஆணையைக் காப்பகத்தில் வைத்துப் பயனில்லை. ஒலியும் காணொளியும் கூடாது. பக்கத்தின் உள்ளடக்கம் எதுவும் வெளிக்கோப்பிலிருந்து வரக்கூடாது. வண்ணம் இந்தத் திரைக்கு, இந்த அச்சு எந்திரத்துக்கு என்று இல்லாமல், எந்தக் கருவியிலும் பொருள்படும்படி வரையறுக்கப்பட்டிருக்கவேண்டும். எல்இசட்டபிள்யூ என்ற சுருக்க முறை விலக்கப்பட்டதற்குக் காரணம் தொழில்நுட்பமே அல்ல, காப்புரிமைச் சிக்கல். அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை 2003-இல் காலாவதியானது. ஆனாலும் விலக்கு தரத்தில் தங்கிவிட்டது.

அடிப்படையாக எந்தப் பதிப்பை எடுப்பது என்பதும் ஒரு முடிவு. தரம் வெளிவந்த 2005-இல் அடோபி 1.6 பதிப்பை வெளியிட்டிருந்தது. குழு எடுத்துக்கொண்டதோ 2001-இன் 1.4. காப்பகத்தார் புதியதை நம்பமாட்டார்கள். ஒன்றின் மேல் மற்றொன்று ஊடுருவித் தெரியும்படி வரையும் ‘ஒளிபுகு தன்மை’ 1.4-இல்தான் அறிமுகமாகியிருந்தது, அதைக்கூட வேண்டாம் என்று வெட்டிவிட்டார்கள். இதில் ஒரு சங்கடமும் இருந்தது. அந்த 1.4 பதிப்பின் விளக்க நூல் ஒரு தனி நிறுவனத்தின் சொத்து. ஐஎஸ்ஓ தரமோ அந்த நூலைப் படித்தால்தான் புரியும். பிடிஎஃப்பை அடோபி ஐஎஸ்ஓவிடம் ஒப்படைத்து, அதுவே சர்வதேசத் தரமாக வெளிவந்தது 2008-இல்தான். மூன்று ஆண்டுகள் குழந்தை முன்னே பிறந்து தாய் பின்னே வந்த நிலை.

ஐஎஸ்ஓ 19005-1 என்ற பெயரில் 2005 அக்டோபரில் வெளிவந்த முதல் தரம் இரண்டு படிகளைக் கொண்டிருந்தது. ‘பி’ படி, பக்கம் எப்போதும் இன்றுபோலவே தெரியும் என்று மட்டும் உறுதி தரும். ‘ஏ’ படி அதற்கு மேல், எது தலைப்பு, எது பத்தி, எந்த வரிசையில் படிக்கவேண்டும் என்ற கட்டமைப்பையும், ஒவ்வொரு உருவமும் எந்த எழுத்து என்ற யூனிகோடு தொடர்பையும் கேட்கும். கோப்பு தன் படியைத் தன் விவரப் பகுதியில் இப்படி அறிவித்துக்கொள்ளவேண்டும்:

```
<pdfaid:part>1</pdfaid:part>
<pdfaid:conformance>B</pdfaid:conformance>
```

இந்த இரண்டு வரிகளைப் பார்த்து ஏமாந்த அலுவலகங்கள் ஏராளம். இது கோப்பு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது, அவ்வளவுதான். எந்த மென்பொருளும் இதை எழுதிவிடலாம். எழுத்துரு பதியாத கோப்பிலும் இது இருக்கலாம். படிப்பு மென்பொருளின் மேற்பகுதியில் வரும் நீலப்பட்டையும் இந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் வருகிறது. விதிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தனிக் கருவி வேண்டும். தரம் வந்த புதிதில் இந்தக் கருவிகள் ஒரே கோப்பைப் பற்றி வெவ்வேறு தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் உருவாகி 2017-இல் முதல் முழுப் பதிப்பாக வந்த வெராபிடிஎஃப் கட்டற்ற மென்பொருள். விதிகளைத் தரத்தின் வரிக்கு வரி இணைத்து அது எழுதப்பட்டது.

ஒரு கோப்பை வைத்துப் பார்ப்போம். 2003-இல் ஓர் அலுவலகத்தில் உருவான ஆணை, சாதாரண பிடிஎஃப், இன்று காப்பகத்துக்குப் போகவேண்டும். முதலில் எழுத்துருக்களைக் கேட்கிறோம்:

```
pdffonts aanai.pdf
```

வரும் பட்டியலில் `emb` என்ற பத்தியைப் பார்க்கவேண்டும். ஏதாவது ஒரு எழுத்துருவுக்கு நேரே `no` என்று இருந்தால் அது பதிக்கப்படவில்லை. இங்கேதான் பலர் அவசரப்பட்டு, மாற்றி மென்பொருளில் கோப்பைப் போட்டு ‘பிடிஎஃப்/ஏ ஆக்கு’ என்று பொத்தானை அழுத்துகிறார்கள். அந்தக் கணினியில் மூல எழுத்துரு இல்லை என்றால், மென்பொருள் வேறொன்றை எடுத்துப் பதித்துவிடக்கூடும். அதுவரை தற்காலிகமாக இருந்த பிழை அன்றோடு நிரந்தரமாகிவிடும். சோதனையிலும் அந்தக் கோப்பு தேறிவிடும், ஏனென்றால் ஏதோ ஓர் எழுத்துரு பதிந்திருக்கிறதே! ஆகவே முதலில் மூல வேர்டு கோப்பைத் தேடவேண்டும். அது கிடைக்கவில்லை என்றால் சரியான எழுத்துருவைத் தேடி நிறுவியபின் மாற்றவேண்டும். மாற்றிய பக்கத்தைப் பழைய அச்சுப் பிரதியோடு கண்ணால் ஒப்பிடவேண்டும். அதன் பிறகே இது:

```
verapdf --flavour 1b aanai.pdf
```

மின்-கையொப்பம் போடுவதாக இருந்தால் அது கடைசி வேலை. கையொப்பம் கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் சாட்சியாக வைத்துப் போடப்படுவது. போட்டபின் மாற்றினால் செல்லாது. முன்பே கையொப்பம் இட்டுவிட்ட கோப்பென்றால், மாற்றிய பிரதியோடு மூலப் பிரதியையும் சேர்த்து வைப்பதைத் தவிர வழியில்லை.

தமிழில் ஆவணம் வைத்திருப்பவர்களுக்கு ‘பி’ படியின் எல்லை மற்றவர்களைவிட நன்றாகப் புரியவேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன் நம் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் ஓடியவை டாம், டாப், டிஸ்கி, பாமினி என்று ஆளுக்கொரு குறியேற்றம். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல். பாமினி எழுத்துருவில் அம்மா என்ற சொல் கோப்புக்குள் `mk;kh` என்றுதான் இருக்கிறது. எழுத்துருவைப் பதித்துவிட்டால் கண்ணுக்கு அம்மா என்றே எந்நாளும் தெரியும். ‘பி’ படிக்கு அது போதும்; சோதனையில் தேறும். ஆனால் பெயரைத் தேடினால் கிடைக்காது. நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் கொட்டும். பார்வையற்றவரின் படிப்புக் கருவி எம், கே என்று வாசிக்கும்.

2011-இல் வந்த இரண்டாம் பகுதி இதற்காகவே ‘யு’ என்று ஒரு நடுப்படியைச் சேர்த்தது. கட்டமைப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒவ்வொரு உருவத்துக்கும் யூனிகோடு தொடர்பு இருக்கவேண்டும் என்றது. இதிலும் ஒரு பள்ளம் உண்டு. தொடர்பு இருக்கிறதா என்று சோதனைக் கருவி பார்க்கும். அது சரியானதா என்று அதற்குத் தெரியாது. பாமினியின் அகர உருவத்தை ஆங்கில எம் என்று அறிவிக்கும் கோப்பும் ‘யு’ படியில் தேறக்கூடும். யூனிகோடிலேயே எழுதிய கோப்பிலும் தொல்லை தீர்வதில்லை. ‘கொ’ என்பதைத் திரையில் வரையும்போது ஒற்றைக்கொம்பு முதலிலும், ககரம் நடுவிலும், கால் கடைசியிலுமாக மூன்று உருவங்கள் விழுகின்றன. அதே வரிசையில் எழுத்தைத் திரும்ப எடுத்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் அநாதையாக நிற்கும். உண்மையான சொல் இது என்று கோப்பிலேயே தனியாகக் குறித்து வைக்க பிடிஎஃப்பில் வசதி இருக்கிறது. எல்லா மென்பொருளும் அதை எழுதுவதில்லை. ஆகவே தமிழ்க் கோப்புக்கு வெராபிடிஎஃப்பின் தீர்ப்போடு இன்னொரு சோதனையும் கட்டாயம்: `pdftotext` கொண்டு உரையை வெளியே எடுத்து, ஒரு பக்கத்தையாவது மனிதர் ஒருவர் வாசிக்கவேண்டும்.

இரண்டாம் பகுதி முன்பு வெட்டியவற்றில் சிலவற்றைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. ஒளிபுகு தன்மை வந்தது. வருடிய பக்கங்களைச் சிறிதாக்கும் ஜேபெக் 2000 வந்தது. ஒரு பிடிஎஃப்/ஏ கோப்புக்குள் இன்னொரு பிடிஎஃப்/ஏ கோப்பை இணைக்கவும் இடம் கிடைத்தது. இதுவரை யாருக்கும் பெரிய மனத்தாங்கல் இல்லை.

அடுத்த ஆண்டே வந்த மூன்றாம் பகுதியில் சேர்ந்தது ஒரே ஒரு சலுகைதான்: எந்த வகைக் கோப்பையும் உள்ளே இணைக்கலாம். எக்செல் விரிதாள், எக்ஸ்எம்எல், காணொளி என்று எதுவும் உள்ளே போகலாம். வணிகர்களுக்கு இது வரமாக அமைந்தது. ஜெர்மனியில் 2014-இல் வந்த ஸுக்ஃபெர்ட் என்ற மின்-விலைப்பட்டியல் முறையில் மனிதர் பார்ப்பது பிடிஎஃப் பக்கம், கணக்கு மென்பொருள் படிப்பது அதற்குள் இருக்கும் எக்ஸ்எம்எல். காப்பகத்தார் திகைத்தார்கள். அமெரிக்காவின் தேசிய எண்மக் காப்புக் கூட்டமைப்பு அதே ஆண்டில் இதன் நன்மை தீமைகளை அலசித் தனி அறிக்கையே வெளியிட்டது. அவர்களின் கவலையில் நியாயம் இருக்கிறது. உள்ளே இணைத்த கோப்பு ஐம்பது ஆண்டு கழித்துத் திறக்குமா என்பதற்குத் தரம் எந்த உறுதியும் தரவில்லை. ஆனால் வெளி உறையில் பிடிஎஃப்/ஏ என்ற பெயர் இருக்கிறது. வெளியே எதையும் நம்பக்கூடாது என்று பிறந்த வடிவம், உள்ளே எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று வந்து நின்றது. 2020-இல் வந்த நான்காம் பகுதியில் இந்தச் சலுகை ‘எஃப்’ என்ற தனிப் பெயரில் பிரிக்கப்பட்டிருக்கிறது. எது எந்த வகை என்று பெயரிலேயே தெரிவதால், வாங்குகிற காப்பகம் வேண்டாம் என்று சொல்வது இப்போது எளிதாகியிருக்கிறது.

பழைய பகுதி எதையும் புதியது ரத்து செய்யவில்லை. 2005-இன் விதிப்படி எழுதிய கோப்பு இன்றும் முழுத் தகுதி உள்ள காப்பகக் கோப்புதான். அதை எடுத்து நான்காம் பகுதிக்கு மாற்றவேண்டிய அவசியம் இல்லை, மாற்றவும் கூடாது. இன்று ஓர் அலுவலகம் புதிதாகத் தொடங்கினால், காகிதத்திலிருந்து வருடிய பக்கங்களுக்கு ‘2பி’யும் கணினியிலேயே தட்டச்சு செய்தவற்றுக்குக் குறைந்தது ‘2யு’வும் கேட்கலாம். விரிதாளும் தரவும் தனிக் கோப்புகளாகவே காப்பகத்துக்கு வரட்டும். எந்தப் படியில் சோதித்தோம், எந்தக் கருவியின் எந்தப் பதிப்பில் சோதித்தோம் என்று பதிவேட்டில் எழுதி, சோதனை அறிக்கையையும் கோப்போடு வைக்கவேண்டும்.